லைவ் ஸ்டேட்டஸ் பாத்து தாம்பரமா செங்கல்பட்டான்னு முடிவு பண்ண முடியுமா?

மறைமலை ஷிஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம். வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டில குடும்பத்தோட ஊருக்கு போறோம், திருநெல்வேலி பக்கம். நான், மனைவி, பையன் மூணு பேரும் ஒரே பிஎன்ஆர், ஸ்லீப்பர், மூணும் கன்ஃபர்ம். டிக்கெட் எழும்பூர்லேருந்து எடுத்தது, ஆனா வீடு மேற்கு தாம்பரம்ங்கறதால போர்டிங் தாம்பரம்னு போட்டிருக்கேன். எழும்பூர் 8:10, தாம்பரம் 8:38, செங்கல்பட்டு 9:08, இதான் டைம்.

சிக்கல் என்னன்னா அன்னிக்கு லீவு கிடைக்கல. ஃபேக்டரி மறைமலைநகர்ல, ஷிஃப்ட் 7:30க்கு முடியும், பஞ்ச் பண்ணி டிரெஸ் மாத்தி கேட்டுக்கு வெளிய வர 7:45, 7:50 ஆயிடும். அங்கேருந்து தாம்பரம் ரோட்டுல 20 கிலோமீட்டர் கிட்ட வரும், செங்கல்பட்டு 12 மாதிரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி ரோடு எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம். மனைவியும் பையனும் வீட்டுலேருந்து லக்கேஜோட நேரா தாம்பரம் ஸ்டேஷன் வந்துடுவாங்க. நானும் தாம்பரம் போயிட்டா லக்கேஜ் ஏத்த உதவியா இருக்கும், பையன் சின்னவன் வேற.

அதனால என் பிளான் இதுதான், கேட்டுக்கு வெளிய வந்ததும் லைவ் ஸ்டேட்டஸ் பாக்கணும், வண்டி லேட்டா இருந்தா தாம்பரம் போயிடறது, கரெக்ட் டைம்னா செங்கல்பட்டு போய் ஏறிக்கறது. எத்தனை நிமிஷம் லேட்னா தாம்பரம் போகலாம்? 20 நிமிஷமா, அரை மணி நேரமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

தெக்கத்தி பாசஞ்சர்

ரொம்ப யோசிக்காதீங்க பாஸ். ஆப்ல 30 நிமிஷம் லேட்னு காட்டுச்சுன்னா உங்களுக்கு 30 நிமிஷம் எக்ஸ்ட்ரா கிடைச்சாச்சு, 8:38 வண்டி 9:08க்கு வரும், நிம்மதியா தாம்பரம் போங்க. நான் அப்படித்தான் பண்ணுவேன். கரெக்ட் டைம்னா செங்கல்பட்டு. அப்புறம் ஏறாட்டியும் டிடிஆர் ரெண்டு ஸ்டேஷன் வரைக்கும் சீட்டை யாருக்கும் குடுக்க மாட்டார், அது ரூல், பயப்படாதீங்க.

கொளவாய் ஏரிக்கரை

மறைமலை ஷிஃப்ட், உங்க கேள்வில ஒரு விஷயம் இடிக்குது, மொதல்ல அதை சொல்லிடறேன். நீங்க முடிவு எடுக்கப் போறது 7:50க்கு. வண்டி எழும்பூர்ல கிளம்புறதே 8:10க்கு. அப்போ 7:50க்கு ஆப்பை தொறந்தா என்ன காட்டும்? `Yet to start from its source`னு காட்டும், கீழ எல்லா ஸ்டேஷனுக்கும் டைம்டேபிள்ல இருக்கற அதே நேரம்தான் இருக்கும். கிளம்பாத வண்டிக்கு லைவ்னு ஒண்ணு கிடையாது. லேட்டா இல்லையான்னு அந்த நேரத்துல ஆப்புக்கே தெரியாது. வண்டியை அதிகாரபூர்வமா தள்ளி வச்சிருந்தா மட்டும் `Rescheduled`னு வரும், அப்படி வரலைன்னா அதுக்கு "கரெக்ட் டைம்"னு அர்த்தம் இல்ல, இன்னும் தகவல் இல்லைன்னுதான் அர்த்தம்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுக்கணும்னா ஒரே வழிதான், அந்த ரேக், அதாவது அந்த பெட்டிங்க மொத்தமும், எந்த வண்டியா உள்ள வருதுன்னு பாக்கறது. பல ராத்திரி வண்டிங்களுக்கு காலைல வந்த ஜோடி வண்டியோட ரேக்தான் சாயங்காலம் திரும்ப போகும். காலைல வந்தது ரெண்டு மூணு மணி நேரம் லேட்னாலும் பகல்ல கழுவி, தண்ணி ஏத்தி, செக் பண்ண நேரம் இருக்கும், அதனால சாயங்காலம் பெருசா பாதிக்காது. மத்தியானம் தாண்டிதான் உள்ள வந்துச்சுன்னா அன்னிக்கு சந்தேகப்படலாம்.

சரி, ஒரு பேச்சுக்கு 25 நிமிஷம் லேட்னே தெரிஞ்சிடுச்சுன்னு வைங்க, அப்பவும் நான் தாம்பரம் போக சொல்ல மாட்டேன். வண்டி தெக்க போகுது. தாம்பரம் நீங்க நிக்கற இடத்துக்கு வடக்க இருக்கு, அதாவது வண்டி வர்ற பக்கம் நீங்க போறீங்க. தாம்பரத்துல விட்டுட்டா அப்புறம் செங்கல்பட்டுல பிடிக்க முடியாது, ஏன்னா தாம்பரத்துலேருந்து செங்கல்பட்டு 31 கிலோமீட்டர், வண்டிக்கு அரை மணி நேரம், உங்களுக்கு அதே ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல. ஒரு ஸ்டேஷனை விட்டா ரெண்டும் போச்சு. நேரா செங்கல்பட்டு போனீங்கன்னா இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, வண்டி லேட்னா பிளாட்ஃபாரத்துல உக்காந்திருப்பீங்க, அவ்வளவுதான்.

இதுல கெட்டியா நம்பக்கூடிய விஷயம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆள் ஏத்தற ஸ்டேஷன்ல டைம்டேபிள்ல போட்ட நேரத்துக்கு முன்னாடி வண்டி கிளம்பாது. முன்கூட்டி வந்தாலும் நிக்கும். அதனால செங்கல்பட்டுல 9:08க்கு முன்னாடி நீங்க பிளாட்ஃபாரத்துல இருந்தா வண்டி உங்களுக்கு நிச்சயம். ஆப் சொல்ற லேட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, அது குறையலாம், கூடலாம். என் கணக்குல எப்பவும் டைம்டேபிள் நேரத்தை வச்சுத்தான் ஸ்டேஷனை முடிவு பண்ணணும், லைவ் ஸ்டேட்டஸை வச்சு டீ குடிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும்.

மதுரை மல்லி

எனக்கும் இதே டவுட்தான். மதுரைலேருந்து காலைல வர்ற வண்டில எழும்பூர்ல இறங்கறதா தாம்பரத்துல இறங்கறதா? எங்க அக்கா வீடு மேடவாக்கம். லைவ் ஸ்டேட்டஸ் பாத்து முடிவு பண்ணலாமா?

கொளவாய் ஏரிக்கரை

நீங்க கேக்கறது இறங்கறது பத்திங்க, இங்க பேசறது ஏறறது பத்தி. மேடவாக்கம்னா தாம்பரத்துல இறங்கி வேளச்சேரி ரோடு வழியா போயிடுங்க, இதுக்கு ஸ்டேட்டஸ் எதுக்கு. டிக்கெட் எழும்பூர் வரைக்கும் இருந்தாலும் முன்னாடி இறங்கறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. விடிகாலைல தூங்கிட்டு விட்டுடாம இருக்க ஆப்ல செங்கல்பட்டுக்கு அலாரம் வச்சுக்குங்க.

பெருந்துறைக்காரி

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேனுங்க. எங்க ஊருக்கு ஈரோடு 20 கிலோமீட்டர், திருப்பூர் அதுக்கு கிட்டத்தட்ட டபுள். கோயமுத்தூர், கேரளா பக்கம் போற வண்டிக்கு ரெண்டு ஸ்டேஷன்லயும் ஏறலாம். வடக்கேருந்து வர்ற வண்டிங்க பாதி நாள் லேட்டாத்தான் வரும், அதனால எங்களுக்கு லைவ் ஸ்டேட்டஸ் இல்லாம பொழப்பே ஓடாது. வண்டி எழும்பூர்ல கிளம்புற மாதிரி இல்லீங்க, நாங்க பாக்கறப்போ அது ரெண்டு ராத்திரி ஓடி வந்திருக்கும், தகவல் நெறைய இருக்கும்.

ஆனா அதுலயும் ஒரு விஷயம் கவனிக்கணும். சேலத்துல 40 நிமிஷம் லேட்னு இருக்கும். அதை அப்படியே ஈரோட்டுக்கு கூட்டி கணக்கு போட்டா தப்பாயிடும். சில வண்டிக்கு ஈரோட்டுல டைம்டேபிள்லயே 10 நிமிஷம் நிறுத்தம் போட்டிருக்கும், லேட்டா வந்த வண்டிய அங்க அத்தனை நேரம் நிக்க விடமாட்டாங்க, ஆளை ஏத்தி இறக்கினதும் அனுப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஓட்டத்துலயும் கொஞ்சம் நேரத்தை தாராளமா வச்சிருப்பாங்க, அதுலயும் கொஞ்சம் பிடிச்சுக்கும். சேலத்துல 40னு இருந்தது ஈரோட்டை விட்டு கிளம்பறப்போ 25 ஆயிருக்கும். நான் வந்து சேர்ற நேரத்தை பாக்கறதில்லீங்க, கிளம்பற நேரத்தைத்தான் பாக்கறது. வந்து சேர்றதுல 30 லேட், கிளம்பறதுல 22 லேட்னு ரெண்டும் வேற வேறயா இருக்கும்.

அப்புறம் தேதி. மூணாவது நாள் நம்ம ஊருக்கு வர்ற வண்டின்னா ஒரே நம்பர்ல ரெண்டு மூணு வண்டி ஒரே நேரத்துல ரோட்டுல ஓடிட்டிருக்கும். ஆப்ல ஸ்டார்ட் தேதி கேக்கும், அதுல இன்னிக்கு தேதிய போட்டா இப்பத்தான் அங்க கிளம்பின வண்டியக் காட்டும். நம்ம வண்டி முந்தாநேத்து கிளம்பினது. எங்க வீட்டுக்காரர் தம்பி இதுல ஏமாந்து, வண்டி இன்னும் கிளம்பவே இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்திருந்தார், அங்க வண்டி ஈரோட்டை தாண்டி போயிடுச்சு.

ஈரோட்டுல விட்டா திருப்பூர்ல பிடிக்கலாம்னு நெனச்சு காரை எடுக்கறவங்களும் இருக்காங்க. ஈரோடு திருப்பூர் தண்டவாளத்துல 50 கிலோமீட்டர், வண்டி முக்கால் மணி நேரத்துல போயிடும். ஊருக்குள்ள நொழஞ்சு ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போகறதுக்குள்ள அது கோயமுத்தூர் பக்கம் போயிருக்கும். சந்தேகம்னா நாங்க மொதல்லயே திருப்பூருக்கு கிளம்பிடுவோம்.

தெக்கத்தி பாசஞ்சர்

லேட்டு குறையும்ங்கறது சரிதான், ஆனா அது ஈரோடு மாதிரி பெரிய ஜங்ஷன்ல. எழும்பூர் தாம்பரம் நடுவுல எங்க குறையப் போவுது? எழும்பூர்ல 30 லேட்டா கிளம்பினா தாம்பரத்துலயும் 30 லேட்டாத்தான் வரும், நான் சொன்னதுல தப்பு இல்லையே.

கொளவாய் ஏரிக்கரை

ஆமா, அதுல நீங்க சொல்றது சரி. எழும்பூர்லேருந்து செங்கல்பட்டு வரைக்கும் பெருசா குறையாது. டைம்டேபிள்ல சேத்து வைக்கற உபரி நேரம் பெரிய ஜங்ஷனுக்கு முன்னாடி, கடைசி ஸ்டேஷனுக்கு முன்னாடிதான் அதிகமா இருக்கும், இந்த வண்டிக்கு விழுப்புரத்துக்கு முன்னாடி, திருச்சிக்கு முன்னாடி அப்படி. தாம்பரம் செங்கல்பட்டு 31 கிலோமீட்டரை எவ்வளவு விரட்டினாலும் 20 நிமிஷத்துக்கு கீழ ஓட்டறது ரொம்ப கஷ்டம், டைம்டேபிள்ல 28, 30 இருக்கும், அதனால அதிகபட்சம் 8, 10 நிமிஷம்தான் பிடிக்க முடியும். இந்த கணக்கை யார் வேணா போடலாம், ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல தூரம் எவ்வளவு, டைம்டேபிள் எவ்வளவு நிமிஷம் குடுக்குது, அதே தூரத்தை வேகமான வண்டி எவ்வளவுல ஓடுது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குறையக்கூடிய லேட்டு.

நான் ஒத்துக்காதது அது இல்ல. 7:50க்கு அந்த 30ங்கற நம்பரே அவர் கைல இருக்காது, அதுதான் விஷயம். 30 நிமிஷம் லேட்னா 8:40க்கு மேலதான் "எழும்பூர்ல இத்தனை மணிக்கு கிளம்பிச்சு"ன்னு வரும். அப்போ அவர் ஊரப்பாக்கத்துல சிக்னல்ல நிப்பார்.

ரிட்டயர்டு சிடிஐ

வணக்கம். நான் டிக்கெட் செக்கிங்ல இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டேட்டஸ் பத்தி எல்லாரும் நல்லா சொல்லிட்டீங்க, போர்டிங் பத்தி நான் ரெண்டு வார்த்தை.

தம்பி, அவசரப்பட்டு ஐஆர்சிடிசில போய் `Change Boarding Point` போட்டு செங்கல்பட்டுன்னு மாத்திடாதீங்க. அது ஒரு ஆளுக்கு மட்டும் மாத்தாது, அந்த பிஎன்ஆர்ல உள்ள மூணு பேருக்கும் மாறிடும். மாத்தினதுக்கு அப்புறம் பழைய ஸ்டேஷன்ல ஏற உரிமை கிடையாது. உங்க மனைவியும் குழந்தையும் தாம்பரத்துல ஏறினா, தாம்பரத்துலேருந்து செங்கல்பட்டு வரைக்கும் டிக்கெட் இல்லாத ஆளா கணக்கு வச்சு அபராதம் போட இடம் இருக்கு. உங்க கேஸ்ல முதல்ல ஏறப்போறவங்க தாம்பரம், அதனால போர்டிங் தாம்பரமாவே இருக்கட்டும்.

அப்புறம் அந்த "ரெண்டு ஸ்டேஷன் ரூல்". பேப்பர் சார்ட் இருந்த காலத்துல ஆள் வரலைன்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு, கோச்சை ஒரு ரவுண்டு முடிச்சுட்டுத்தான் ஆர்ஏசிக்கு குடுப்போம், அது ஒரு பழக்கம். இப்போ கையில மெஷின் குடுத்திருக்காங்க, போர்டிங் ஸ்டேஷன் தாண்டினதும் ஆள் இல்லைன்னு அழுத்தினா அந்த பெர்த் வரிசைல அடுத்த ஆர்ஏசிக்கு போயிடும், அவருக்கும் தகவல் போயிடும். அதுக்கப்புறம் நீங்க வந்து நின்னா டிடிஆர் நெனச்சாலும் சுலபமா திருப்ப முடியாது. அதனால உங்க மனைவி உக்காந்ததும் டிடிஆர் வர்ற வரைக்கும் காத்திருக்காம, கோச்ல அவரை பாத்ததும் "மூணாவது ஆள் செங்கல்பட்டுல ஏறுறாங்க"ன்னு சொல்லிடணும். குடும்பமா இருக்கறதால ஒத்துப்பாங்க. தனி ஆளா இருந்தா இந்த வசதி இல்ல, தனி ஆள் கண்டிப்பா சார்ட் போடறதுக்கு முன்னாடியே போர்டிங்கை மாத்திடணும்.

சார்ட் முன்னாடி மாதிரி 4 மணி நேரத்துக்கு முன்னாடி போடறது இல்ல, 2025லேருந்து இன்னும் சீக்கிரமே போட்டுடறாங்க. அதனால சாயங்கால வண்டிக்கு மத்தியானம் மாத்திக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. முந்தின நாளே மாத்திடறது நல்லது.

தெக்கத்தி பாசஞ்சர்

ஐயா சொல்றதுக்கு மரியாதை குடுக்கறேன், ஆனா நான் பார்த்த வரைக்கும் அடுத்த ஸ்டேஷன்ல ஏறினா யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. ரெண்டு ஸ்டேஷன் வரைக்கும் வெயிட் பண்ணணும்னு எங்கயோ சர்குலர் இருக்குன்னு நிறைய பேர் சொல்லியிருக்காங்க.

ரிட்டயர்டு சிடிஐ

ஆர்ஏசி லிஸ்ட் இல்லாத நாள்ல உங்க பெர்த்தை யாரும் தேட மாட்டாங்க தம்பி, காலியா கிடக்கும், அதனால உங்களுக்கு பிரச்சனை வந்திருக்காது. வெள்ளிக்கிழமை தென் மாவட்ட வண்டில ஆர்ஏசில ஒரே சைடு லோயர்ல ரெண்டு ரெண்டு பேரா உக்காந்துட்டு வர்றாங்க. அவங்க டிடிஆரை விடவே மாட்டாங்க.

பொதிகை ரசிகன்

எனக்கு தெரிஞ்சு சில டிடிஆர் விழுப்புரம் வரைக்கும் காத்திருப்பாங்க, சிலர் தாம்பரம் தாண்டினதும் அழுத்திடுவாங்க. நான் கேட்ட ரெண்டு டிடிஆரும் ரெண்டு விதமா பதில் சொன்னாங்க. எதை நம்பறதுன்னு தெரியல.

மறைமலை ஷிஃப்ட்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். போர்டிங் மாத்தறது மூணு பேருக்கும் மாறும்ங்கறது எனக்கு தெரியாத விஷயம், நல்ல வேளை. சரி, செங்கல்பட்டுன்னே முடிவு பண்ணிட்டேன். பைக் எடுத்துட்டு போய் ஸ்டேஷன்ல விட்டா நாலு நாள் அங்கயே கிடக்கும். ஷேர் ஆட்டோ, பஸ்சு, இல்ல லோக்கல் டிரெயின், எது சரியா வரும்? பரனூர் டோல் கிட்ட வெள்ளிக்கிழமை வரிசை நிக்குமே, அதான் யோசனை. அப்புறம் அந்த ஆப்ல வண்டி எங்க இருக்குன்னு ஒரு பொம்மை நகருமே, அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

கொளவாய் ஏரிக்கரை

லோக்கல்தான். மறைமலைநகர்ல ஏறினா சிங்கபெருமாள்கோவில், பரனூர், அடுத்து செங்கல்பட்டு. சுமார் 20 நிமிஷம். டோலும் கிடையாது, ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்டு நெரிசலும் கிடையாது. ஆனா செங்கல்பட்டு வரைக்கும் போற வண்டிங்க அடிக்கடி கிடையாது, பாதி லோக்கல் தாம்பரத்தோட நின்னுடும், அதனால 7:50க்கு மேல 8:35க்குள்ள எது எது இருக்குன்னு முதல் நாளே பாத்து வைங்க. ரெண்டு வண்டியாவது இருக்கணும், ஒண்ணு விட்டா இன்னொண்ணு 9 மணிக்குள்ள கொண்டு போய் சேக்கணும். ரெண்டாவது இல்லைன்னா அன்னிக்கு ஷேர் ஆட்டோ. லோக்கலுக்கு தனியா டிக்கெட் எடுக்கணும், உங்க ரிசர்வேஷன் டிக்கெட் அதுக்கு செல்லாது. எதிர்ல வர்ற லோக்கல்ல அவசரத்துல ஏறிடாதீங்க, பிளாட்ஃபாரம் பாத்து ஏறுங்க.

பொம்மை விஷயம். அது ரெண்டு விதமா நகரும். வண்டிக்குள்ள இருக்கற ஒருத்தரோட போன்ல ஆப் தொறந்திருந்தா செல் டவர், ஜிபிஎஸ் வச்சு உண்மையான இடத்தை காட்டும். வெளிலேருந்து பாக்கறவங்களுக்கு கடைசியா பதிவான ஸ்டேஷனை வச்சு, இந்நேரம் இங்க இருக்கும்னு ஒரு கணிப்பா நகத்தும். எஞ்சின்ல ஜிபிஎஸ் கருவி வச்ச வண்டில பதிவு அடிக்கடி வருது, அது வராத நேரத்துல கணிப்புதான். கண்டுபிடிக்கறது சுலபம், கடைசியா எந்த ஸ்டேஷன், எத்தனை நிமிஷத்துக்கு முன்னாடி அப்டேட் ஆச்சுன்னு கீழ ஒரு வரி இருக்கும். அதுல வண்டி நிக்காத சின்ன ஸ்டேஷன் பேரெல்லாம் வரிசையா வந்துட்டே இருந்தா, வண்டலூர் தாண்டிச்சு, கூடுவாஞ்சேரி தாண்டிச்சுன்னு, தகவல் புதுசு. பொம்மை நகருது ஆனா அந்த வரி பத்து நிமிஷமா மாறலைன்னா அதை நம்பாதீங்க. வண்டி எங்கயாவது சிக்னல்ல நிக்கலாம், இல்ல நல்லா ஓடிட்டு இருக்கலாம், வெளிலேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

உங்களுக்கு இதை விட நல்ல வழி இருக்கு. உங்க மனைவி வண்டிக்குள்ளயே இருக்காங்க. தாம்பரத்துல ஏறி உக்காந்ததும் ஒரு போன், சிங்கபெருமாள்கோவில் தாண்டினதும் ஒரு போன். ராத்திரி ஜன்னல்ல பேர் பலகை தெரியலைன்னா அவங்க போன்ல ஆப் தொறந்து பாத்தா போதும், உள்ள இருக்கறதால அது சரியா காட்டும். வலது கை பக்கம் இடது கை பக்கம் எதுவா இருந்தாலும் ஒரு பக்கம் ஏரி இருட்டா விரிஞ்சு தெரிய ஆரம்பிச்சா செங்கல்பட்டு வந்துடுச்சுன்னு அர்த்தம்.

கடைசியா, ஸ்டேஷன்ல ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். உங்க கோச் எங்க வந்து நிக்கும்னு போர்டுல போடுவாங்க, முன்னாடியே அங்க போய் நில்லுங்க. தப்பா நின்னுட்டா கிடைச்ச ஸ்லீப்பர் கோச்ல ஏறி உள்ளயே நடந்து போங்க, அன்ரிசர்வ்டுல மட்டும் ஏறிடாதீங்க, அந்த கூட்டத்துல அடுத்த கோச்சுக்கு நகரவே முடியாது.

மறைமலை ஷிஃப்ட்

ஊர் வந்து சேந்தாச்சு. என்ன நடந்துச்சுன்னு எழுதிடறேன், யாருக்காவது உதவும்.

கேட்டுக்கு வெளிய 7:52. ஆப்ல ஏரிக்கரை சொன்ன மாதிரியே `Yet to start from its source`. ஸ்டேஷன் போய் டிக்கெட் எடுத்து, 8:14 லோக்கல் கிடைச்சுது, 8:37க்கு செங்கல்பட்டு. அந்த லோக்கல்ல வந்துட்டிருக்கும்போது 8:30 வாக்குல ஸ்டேட்டஸ் மாறிச்சு, எழும்பூர்ல 8:27க்கு கிளம்பியிருக்கு, 17 நிமிஷம் லேட். மனைவி 8:57க்கு தாம்பரத்துல ஏறிட்டு போன் பண்ணாங்க, லக்கேஜுக்கு எங்க மச்சான் வந்து உதவினார். வண்டி கிளம்பி கொஞ்ச நேரத்துல டிடிஆர் வந்தாராம், இவங்க நான் செங்கல்பட்டுல ஏறுறேன்னு சொன்னதும் மெஷின்ல பாத்துட்டு "ஏறினதும் என்னை வந்து பாக்க சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டார். பின்னாடியே ஒரு ஆர்ஏசிக்காரர் வந்து பெர்த் காலியான்னு கேட்டிருக்கார்.

என் போன்ல பொம்மை சிங்கபெருமாள்கோவில் கிட்ட வந்து அப்படியே நின்னுடுச்சு, அப்டேட் வரியும் ஆறேழு நிமிஷமா மாறல. மனைவிக்கு போன் போட்டா "ஏரி தெரியுது"ன்னு சொல்றாங்க. சொல்லி ரெண்டு நிமிஷத்துல வண்டி உள்ள வந்துடுச்சு, 9:25. கிளம்பினது 9:27. தாம்பரத்துல 19 லேட், இங்கயும் 19 லேட், ஒரு நிமிஷம் கூட குறையல.

இதுல நான் தாம்பரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எங்க கம்பெனி பஸ்ல போன நண்பன்கிட்ட கேட்டேன். 7:55க்கு கிளம்பின பஸ் தாம்பரம் மேம்பாலத்துகிட்ட 9:05க்கு போயிருக்கு. 19 நிமிஷம் லேட்டா வந்த வண்டியே எட்டு நிமிஷம் முன்னாடி போயிருச்சு.

தெக்கத்தி பாசஞ்சர்

சந்தோஷம் பாஸ். அந்த ஆர்ஏசிக்காரர் வந்து கேட்டார்னு சொன்னீங்க பாருங்க, அது கொஞ்சம் யோசிக்க வைக்குது. அந்த சர்குலரை மட்டும் தேடிட்டு இருக்கேன், கிடைச்சா போடறேன்.

திண்டிவனம் ராத்திரி

எனக்கு ஒரு கேள்வி. நான் தனி ஆள், மாமண்டூர் பக்கம் வேலை, டிக்கெட்ல போர்டிங் எழும்பூர்னே இருக்கு. செங்கல்பட்டா மேல்மருவத்தூரான்னு அன்னிக்கு ஸ்டேட்டஸ் பாத்துத்தான் முடிவு பண்ணணும். போர்டிங்கை எதுக்கு மாத்தறது?

கொளவாய் ஏரிக்கரை

மொதல்ல உங்க வண்டி மேல்மருவத்தூர்ல நிக்குதான்னு பாருங்க, எல்லா வண்டியும் நிக்காது. நிக்கும்னா செங்கல்பட்டுக்கு மாத்துங்க. ரெண்டுல எது முதல்ல வருதோ அதுக்கு மாத்தி வச்சா அங்க ஏறலாம், அங்க ஏற முடியலைன்னா அடுத்ததுல போய் டிடிஆரை பாக்கலாம், அதுவும் பெர்த் போகாம இருந்தாத்தான். மேல்மருவத்தூருக்கு மாத்திட்டா செங்கல்பட்டுல ஏறவே உரிமை இல்ல. இன்னிக்கே மாத்திடுங்க, கடைசி நேரத்துக்கு விடாதீங்க.